75 சதவீதம் பேர் லோங்: அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து இளைஞர்களின் வட்ஸ்அப் குழுக்களில் கிரிப்டோ பியூச்சர்ஸ் சந்தையின் ஒரு ஸ்கிரீன்ஷொட் அடிக்கடி சுற்றுகிறது. பச்சைக் கோடு 75 என்றும் சிவப்புக் கோடு 25 என்றும் காட்டும். கீழே ஒருவர் எழுதுவார்: "முக்கால்வாசிப் பேர் ஏறும் என்று சொல்றாங்க, நாமளும் லோங் போடுவோம்." அடுத்த நிமிடம் இன்னொருவர், "அண்ணே, எல்லாரும் லோங் போட்டா விழும், ஷோர்ட் போடுங்க" என்பார். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்து எதிரெதிராகப் பேசுகிறார்கள். இரண்டு பேருமே அந்த எண்ணை மக்களின் கருத்துக் கணிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அது கருத்துக் கணிப்பு இல்லை. அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், சிறு முதலீட்டாளர்கள் ஒரே பக்கம் குவியும்போது அது ஏன் பெரும்பாலும் நட்டத்தில் முடிகிறது என்பதும் விளங்கும்.

## தலைகளை எண்ணுவதும் கிலோவை நிறுப்பதும்

பியூச்சர்ஸ் என்பது ஒரு பொருளின் விலை மேல் இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். விலை ஏறினால் இலாபம் பெறுபவர் லோங் பக்கம், இறங்கினால் இலாபம் பெறுபவர் ஷோர்ட் பக்கம். ஒரு லோங் இருக்க வேண்டும் என்றால் அதே அளவு ஷோர்ட் எதிரில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே சந்தை முழுவதையும் கூட்டினால் லோங் தொகையும் ஷோர்ட் தொகையும் எப்போதும் சமம். 75க்கு 25 என்று வரவே வராது.

அப்படியானால் அந்த 75 எங்கிருந்து வந்தது? அது பணத்தை எண்ணவில்லை, கணக்குகளை எண்ணுகிறது.

நுவரெலியா கரட்டை வைத்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் இன்ன விலைக்கு வாங்குகிறோம் என்று 75 சிறு கடைக்காரர்கள் ஆளுக்கு 10 கிலோவுக்கு முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். விற்கிறோம் என்று 25 தோட்டக்காரர்கள் ஆளுக்கு 30 கிலோவுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் 750 கிலோதான். ஆனால் பெயர்களை எண்ணினால் வாங்குபவர்கள் மூன்று மடங்கு. லோங்–ஷோர்ட் கணக்கு விகிதம் பார்ப்பது இந்தப் பெயர்ப் பட்டியலைத்தான். 50 டொலர் வைத்திருப்பவரும் ஒரு கணக்கு, 50 இலட்சம் டொலர் வைத்திருப்பவரும் ஒரு கணக்கு.

இதிலிருந்து ஒரு விடயம் தானாகவே வருகிறது. விகிதம் 3 என்றால், ஷோர்ட் பக்கத்தில் நிற்கும் சராசரிக் கணக்கு லோங் பக்கத்துச் சராசரிக் கணக்கைப் போல மூன்று மடங்கு பெரியது. "முக்கால்வாசிப் பேர் லோங்" என்ற வசனத்தையே "பெரிய கைகள் ஷோர்ட்" என்றும் வாசிக்கலாம். இரண்டும் ஒரே எண்தான்.

## விகிதம் 1.5 எப்படி 3 ஆகிறது

குழுக்களில் யாரும் கேட்காத கேள்வி இது. என் பார்வையில் முழு விடயமும் இதற்குள்தான் இருக்கிறது.

கற்பனையாக ஒரு நாணயத்தை எடுப்போம். அதன் விலை 103 டொலர். நிலை எடுத்திருக்கும் கணக்குகள் 10,000. அவற்றில் 6,000 லோங், 4,000 ஷோர்ட், அதாவது விகிதம் 1.5. இப்போது விலை 103இலிருந்து 100க்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் என்ன நடக்கிறது?

1. ஷோர்ட் போட்டிருந்த சிறு கணக்குகளில் 1,500 பேர் இலாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். கையில் வந்த இலாபத்தைச் சீக்கிரம் பூட்டிக்கொள்வதும் நட்டத்தை இழுத்துக்கொண்டே போவதும் மனிதர்களின் வழக்கம். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு நிதியியல் அறிஞர்கள் 1985இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார்கள்.

2. "கீழே வந்தா வாங்குவோம்" என்று 101இலும் 100இலும் வாங்கும் கட்டளைகளைப் போட்டுவிட்டுப் படுத்த 1,500 பேருக்கு அவை நிறைவேறுகின்றன. காலையில் எழும்பும்போது அவர்கள் லோங்.

3. முதலிலேயே லோங்கில் இருந்த 6,000 பேர் நட்டத்தில் இருக்கிறார்கள். நட்டத்தில் மூட மனம் வராமல் அப்படியே இருக்கிறார்கள்.

இப்போது எண்ணுங்கள். லோங் 7,500, ஷோர்ட் 2,500. விகிதம் 3.

புதிதாக நல்ல செய்தி எதுவும் வரவில்லை. சந்தையின் நம்பிக்கையும் இரட்டிப்பாகவில்லை. விலை இறங்கியது, அதனால் விகிதம் ஏறியது. ஸ்கிரீன்ஷொட்டைப் பார்ப்பவர் "எல்லாரும் ஏறும் என்கிறார்கள்" என்று வாசிக்கிறார். நடந்ததோ, சிறியவர்கள் இறங்கும் விலைக்கு எதிரே கை நீட்டியதுதான்.

இன்னொரு படி உள்ளே போக வேண்டும். ஷோர்ட்டை மூடுவது என்றால் வாங்குவது. புதிதாக லோங் எடுப்பதும் வாங்குவதுதான். ஆக 3,000 கணக்குகள் வாங்கியிருக்கின்றன. அவ்வளவு பேர் வாங்கியும் விலை இறங்கியது. அப்படியானால் அந்த 3,000 பேருக்கும் விற்றுக்கொடுத்து, அதற்கு மேலும் விற்ற யாரோ எதிரில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான், அதனால் கணக்கு விகிதத்தில் தெரியமாட்டார்கள். விலை இறங்க இறங்க விகிதம் ஏறுகிறது என்றால், பட்டியலில் பெயர் தெரியாத பெரிய விற்பனையாளர் ஒருவர் இன்னும் முடிக்காமல் இருக்கக்கூடும் என்பதுதான் அதன் பொருள். "கூட்டம் தவறுகிறது" என்று சொல்லப்படுவதன் பெரும் பகுதி இதுதான்.

ஏறும் சந்தையில் இதே கதை தலைகீழாக நடக்கும். விலை ஏறும்போது சிறியவர்கள் லோங்கை விற்று இலாபம் எடுப்பார்கள், "இனி விழாமலா போகும்" என்று ஷோர்ட் போடுவார்கள், விகிதம் 1க்குக் கீழே போகும். நீண்ட ஏற்றத்தில் திரும்பத் திரும்ப அடிபடுவது இந்த ஷோர்ட்காரர்கள்தான்.

## எதிரில் நிற்பவர் தீர்க்கதரிசி இல்லை

எதிர்ப்பக்கத்துப் பெரிய கைகளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. பல நேரங்களில் அவர்கள் விலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

காலாவதி இல்லாத பியூச்சர்ஸ் ஒப்பந்தங்களில் ஃபண்டிங் என்று ஒன்று உண்டு. ஒப்பந்த விலை உண்மையான நாணய விலையை விட்டு விலகிப் போகாமல் இருக்க, ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாருக்குக் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை பணம் கட்ட வேண்டும். வழக்கமாக எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. லோங் பக்கம் அவசரம் கூடினால் வீதம் பூச்சியத்துக்கு மேலே போய், லோங்காரர்கள் ஷோர்ட்காரர்களுக்குக் கட்டுவார்கள்.

ஒருவர் 12,000 டொலருக்கு நாணயத்தை நேரடியாக வாங்கி வைத்துக்கொள்கிறார். அதே 12,000க்கு ஷோர்ட்டும் போடுகிறார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான், ஒரு பக்க நட்டத்தை மறுபக்க இலாபம் அடைத்துவிடும். ஃபண்டிங் வீதம் 0.05 சதவீதம் என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு 6 டொலர், நாளைக்கு 18 டொலர் அவர் கைக்கு வரும். கணக்கு விகிதத்தில் இவர் "ஷோர்ட்" என்று ஒரு கோடாக விழுவார். ஆனால் விலை விழும் என்று இவர் சொல்லவில்லை. லோங்காரர்களின் அவசரத்துக்கு வாடகை வசூலிக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வாடகையைக் கட்டுவது யார்? 200 டொலரை மார்ஜின் என்ற பிணைப்பணமாக வைத்து, 20 மடங்கு லீவரேஜில், அதாவது போட்ட காசைப் போல 20 மடங்குக்கு, 4,000 டொலர் லோங் எடுத்திருக்கும் நம் பையன். ஃபண்டிங் அவனுடைய 200க்கு இல்லை, 4,000க்கு. அதே வீதத்தில் எட்டு மணித்தியாலத்துக்கு 2 டொலர், நாளைக்கு 6 டொலர். விலை அசையாமல் நின்றாலே அவன் போட்ட காசில் தினமும் 3 சதவீதம் கரைகிறது. ஃபண்டிங் 0.01 சதவீதம் என்ற சாதாரண மட்டத்தில் இருந்தால் இது நாளைக்கு 0.6 சதவீதம்தான். எனவே விகிதம் 3 என்பது மட்டும் ஆபத்தைச் சொல்லாது. கூடவே ஃபண்டிங்கும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## திசை சரியாக இருந்தும் பணம் போவது

சிறியவர்கள் தவறுகிறார்கள் என்றால் அவர்களுடைய கணிப்பு தவறு என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் திசை சரிதான். அந்தத் திசைக்கு விலை போய்ச் சேரும் வரை அவர்கள் களத்தில் நிற்க முடிவதில்லை.

மேலே சொன்ன உதாரணத்தையே தொடர்வோம். 10,000 கணக்குகள், இரு பக்கமும் தலா 3 கோடி டொலர். சராசரி லோங் 4,000, சராசரி ஷோர்ட் 12,000. லோங்காரர்களில் கணிசமானவர்கள் 20 மடங்கு லீவரேஜில் 100 டொலரை ஒட்டி வாங்கியிருக்கிறார்கள். 20 மடங்கு என்றால் மார்ஜின் 5 சதவீதம். அது முழுவதும் கரையும் வரை சந்தை காத்திருக்காது. பராமரிப்பு மார்ஜின் என்று ஒரு மிச்சத்தை வைத்துக்கொண்டு, விலை நான்கு முதல் நாலரை சதவீதம் இறங்கியதுமே நிலையைப் பலவந்தமாக மூடிவிடும். இதுதான் லிக்குவிடேஷன்.

லோங்கை மூடுவது என்றால் விற்பது. விலை 95.5ஐத் தொடும்போது 500 கணக்குகள் ஒன்றாக மூடப்பட்டால் 20 இலட்சம் டொலருக்கு விற்பனைக் கட்டளைகள் ஒரே மூச்சில் விழும். அந்த நேரத்தில் 1 சதவீத இடைவெளிக்குள் வாங்கக் காத்திருப்பது 10 இலட்சம்தான் என்றால், விலை 94.5ஐயும் தாண்டிக் கீழே போகும். அங்கே 99இல் வாங்கியவர்களின் லிக்குவிடேஷன் விலை இருக்கும். அவர்களும் மூடப்படுவார்கள், விலை இன்னும் கீழே போகும். மண்சரிவு மாதிரி, மேலே ஒரு கட்டு இடிந்தால் கீழ்க்கட்டுக்கும் அதே பாரம்.

ஷோர்ட் பக்கத்தில் வாடகை வசூலிப்பவருக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சிறிய பக்கம் நெருங்கிய லிக்குவிடேஷன் விலைகளோடு நிற்கிறது, பெரிய பக்கம் அப்படி நிற்கவில்லை. குவிந்திருப்பதன் ஆபத்து அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இது உண்மையில் நடந்த நாள் 2025 ஒக்டோபர் 10. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் சீனப் பொருட்களுக்கு மேலதிகமாக 100 சதவீத வரி என்று அறிவித்தபோது இலங்கையில் சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணியை ஒட்டிய நேரம். மலைநாட்டில் எல்லாரும் போர்வைக்குள். அன்று 122,000 டொலரைத் தொட்டிருந்த பிட்கொயின் 105,000க்குக் கீழே போனது. 24 மணித்தியாலத்தில் 1,900 கோடி டொலருக்கு மேற்பட்ட நிலைகள் பலவந்தமாக மூடப்பட்டதாகக் கொயின்கிளாஸ் தளம் கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும் பகுதி லோங். சில மணித்தியாலங்களிலேயே பிட்கொயின் மீண்டும் 110,000க்கு மேலே வந்துவிட்டது. கடன் இல்லாமல் நாணயத்தை வைத்திருந்தவர் காலையில் எழும்பிப் பெருமூச்சு விட்டிருப்பார். 20 மடங்கில் படுத்தவருக்குக் கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை, விலை திரும்பி வந்தும் பயனில்லை.

200 டொலர் என்றால் ஏறக்குறைய 60,000 ரூபாய். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி, மலையில் 44 நாள் கொழுந்து பறித்த காசு.

அன்று ஷோர்ட் போட்டவர்களும் எல்லாரும் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லோங்காரர்களின் நட்டம் அவர்களுடைய மார்ஜினைத் தாண்டிப் போய், சந்தையின் காப்பு நிதியும் தாங்காவிட்டால், இலாபத்தில் இருக்கும் ஷோர்ட் நிலைகளையே சந்தை இடையில் மூடிவிடும். அன்று பல சந்தைகளில் அது நடந்தது. நாணயத்தை வைத்துக்கொண்டு ஷோர்ட் போட்டவருக்கு ஷோர்ட் பக்கம் திடீரென்று இல்லாமல் போனது.

## பல நாள் சரி, ஒரு நாள் தவறு

இது கிரிப்டோவோடு பிறந்த நோய் இல்லை. சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரில் ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடுவதில்லை என்று அடித்தளம் வைத்தது. விலை 1.20ஐ நெருங்கும்போதெல்லாம் யூரோவை வாங்கினால் சிறு இலாபம் என்பது மூன்று வருடங்களுக்கு மேல் பலித்தது. சில்லறை வணிகர்கள் அந்தப் பக்கமே குவிந்தார்கள். 2015 ஜனவரி 15 அன்று வங்கி முன்னறிவித்தல் இல்லாமல் அந்தத் தளத்தை எடுத்துவிட்டது. விலை சரிந்தால் தானாகவே விற்கும் ஸ்டொப் லொஸ் கட்டளை போட்டிருந்தவர்களுக்கும் இடையில் வாங்க ஆளில்லை. எஃப்எக்ஸ்சிஎம் என்ற தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் மட்டும் சுமார் 22.5 கோடி டொலர் பூச்சியத்துக்குக் கீழே போயின.

அந்த மூன்று வருடங்களையும் நாள் நாளாக எண்ணினால் கூட்டம் பெரும்பாலான நாட்களில் சரி. பணத்தை எண்ணினால் தவறு. "கூட்டம் எப்போதும் தவறு" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பணத்தை எண்ணிய ஓர் ஆய்வு அயலில் இருக்கிறது. இந்தியப் பங்குச் சந்தைகளில் பியூச்சர்ஸ் போன்ற ஒப்பந்தங்கள் நடக்கும் டெரிவேட்டிவ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்ததாகவும், அவர்களின் மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாயைத் தாண்டியதாகவும் அந்தச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. இதில் கட்டணங்களும் அடக்கம். அந்த 93இல் ஒரு பகுதியினர் திசையில் தோற்கவில்லை, திரும்பத் திரும்ப வாங்கி விற்ற செலவில் தோற்றார்கள்.

## அப்படியானால் எதிராகப் போட்டால் போதுமா?

போதாது. குழுவில் "ஷோர்ட் போடுங்க அண்ணே" என்று சொன்ன தம்பி தவறுவது இங்கேதான்.

முதலாவது, ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி இயல்பு உண்டு. சிறு நாணயங்களில் விகிதம் 2, 2.5 என்று கிழமைக்கணக்கில் நிற்பது சாதாரணம். 75 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை, அந்த நாணயத்தின் கடந்த ஒரு மாத வீச்சில் அது எங்கே நிற்கிறது என்பதற்குத்தான் அர்த்தம்.

இரண்டாவது, விலை ஒரு வரம்புக்குள் மேலும் கீழும் ஆடும் காலத்தில் கீழே வாங்கி மேலே விற்கும் கூட்டம்தான் சரி. விகிதம் உயரே இருக்கும், விலை ஏறும், எதிராகப் போட்டவர் நட்டப்படுவார். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டொப் பங்கில் சில்லறைக் கூட்டம் வாங்கும் பக்கம் குவிந்தபோது நசுங்கியது ஷோர்ட் போட்டிருந்த பெரிய நிதியங்கள். அங்கே நெருங்கிய வெளியேற்ற விலையோடு நின்றது பெரிய பக்கம். யார் பெரியவர் என்பது முக்கியமில்லை, யாருக்கு முதலில் மூச்சு முட்டும் என்பதே கேள்வி.

விகிதத்தைப் பைனான்ஸ் சந்தை பொதுவில் கொடுக்கிறது, கணக்குக்கூடத் தேவையில்லை:

```
https://fapi.binance.com/futures/data/globalLongShortAccountRatio?symbol=BTCUSDT&period=1h&limit=24
https://fapi.binance.com/futures/data/topLongShortPositionRatio?symbol=BTCUSDT&period=1h&limit=24
```

முதல் வரி எல்லாக் கணக்குகளையும் தலைக்கணக்காக எண்ணுகிறது. அதில் `longAccount` 0.75 என்று வந்தால் அதுதான் ஸ்கிரீன்ஷொட்டின் 75. இரண்டாவது வரி மார்ஜின் இருப்பில் முதல் 20 சதவீதத்தில் இருப்பவர்களின் நிலைகளை அளவாக நிறுக்கிறது. முதலாவது 3, இரண்டாவது 0.9 என்று பிரிந்து நின்றால் சிறியவர்களும் பெரியவர்களும் எதிரெதிர்ப் பக்கம் என்று கொள்ளலாம். ஆனால் 20 சதவீதம் என்பது சின்னக் கூட்டமில்லை. அந்த 0.9க்குள் வாடகை வசூலிப்பவர்களும் ஒளிந்திருப்பார்கள்.

நான் பார்க்கும் வரிசை இது:

1. விலை இறங்கும்போது விகிதம் ஏறுகிறதா? ஆம் என்றால் சிறியவர்கள் ஓட்டத்துக்கு எதிராக நிற்கிறார்கள்.
2. அதே நேரம் ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது மூடப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்த அளவு, ஏறுகிறதா? ஏறினால் புதிய கடன் சேர்கிறது. விகிதம் மட்டும் ஏறி இது குறைந்தால் ஷோர்ட்காரர்கள் வெளியேறிய கணக்குத்தான் தெரிகிறது, ஆபத்துக் குறைவு.
3. ஃபண்டிங் சாதாரண மட்டத்துக்கு மேலேயா? மேலே என்றால் நிற்பதற்கே செலவாகிறது.

மூன்றும் ஒன்றாக "ஆம்" என்றால் அது சரிவுக்கு விறகு அடுக்கியிருக்கும் நிலை. நெருப்பு எப்போது விழும் என்று இந்த எண்கள் சொல்லாது. நாட்கணக்கில் ஒன்றும் நடக்காமலும் இருக்கும். சரிவு முடிந்ததற்கும் ஓர் அடையாளம் உண்டு. நம் உதாரணத்தில் 7,500 லோங்கில் 2,000 மூடப்பட்டால் விகிதம் 2.2க்கு இறங்கும், ஓப்பன் இன்ட்ரஸ்ட் ஒரேயடியாகக் கீழே விழும். அந்த இரண்டும் சேர்ந்து விழுந்த பிறகு "கூட்டம் லோங்கில் இருக்கிறது, விழும்" என்று ஷோர்ட் போடுவது விறகு எரிந்த பிறகு நெருப்பை எதிர்பார்ப்பது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். மெய்நிகர் நாணய நிறுவனங்கள் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் பகிரங்கமாக அறிவித்தது. வங்கி அட்டைகளால் அவற்றுக்குப் பணம் செலுத்தவும் அனுமதி இல்லை என்றது. ஆகவே பலவந்த மூடலில் பிழை நடந்தாலும் இங்கே முறையிட இடமில்லை.

பைனான்ஸ் இந்தத் தரவைக் கடைசி 30 நாட்களுக்கு மட்டுமே கொடுக்கும். ஒரு நாணயத்தின் இயல்பு மட்டம் எது என்று தெரிய வேண்டுமானால் விகிதம், ஃபண்டிங், ஓப்பன் இன்ட்ரஸ்ட் மூன்றையும் தினமும் ஒரே நேரத்தில் கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் குறித்த பிறகுதான், அடுத்த ஸ்கிரீன்ஷொட்டில் 75 வரும்போது அது அந்த நாணயத்துக்குக் கூடவா, வழமையா என்று சொல்ல முடியும்.